கட்டணமில்லாக் கல்வித் தளமும் ஒரு மின்சுற்றும்

சென்ற மாதம் பிரதோஷத்தன்று, வலம் வந்து பிராகாரத்தில் அமர்ந்திருந்தபோது எங்கள் தெருவில் வசிக்கும் ஓர் அம்மையார் அருகில் வந்து அமர்ந்தார். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "மாமா, நீங்கள் பாங்கில் இருந்தவர். இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மாதம் 2,900 ரூபாய் வீதம் 18 மாதங்கள் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனுக்கான தவணை அட்டவணை அது. கடன் கொடுத்தது ஒரு நிதி நிறுவனம். கடனாளி அவர். தாம் கடன் வாங்கியதே அவருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன் மின்சாரப் பாடத்தில் ஐயம் ஏற்பட்டு, தாயின் கைப்பேசியில் தேடியிருக்கிறான். தேடலில் முதலாவதாக வந்த தளம் பாடத்தின் பாதியைக் காட்டிவிட்டு, மீதியைக் காண "இலவசத் திறனறித் தேர்வு" ஒன்றை எழுதச் சொன்னது. அதற்குப் பெயர், வகுப்பு, பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவற்றைக் கேட்டது. பையன் கொடுத்தான். மறுநாளிலிருந்து அழைப்புகள் வந்தன. நான்காம் நாள் ஓர் இளைஞர் வீட்டிற்கே வந்து, "பையன் கணக்கில் மிகவும் பின்தங்கியிருக்கிறான்" என்று அம்மையாரைக் கலங்கவைத்து, வட்டியில்லாத் தவணை என்று சொல்லி, கைப்பேசிக்கு வந்த ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு போனார். பயிற்சிக்குச் சேர்வதாக அம்மையார் எண்ணினார். ஆனால் அந்த ஆறு இலக்கங்கள் ஒரு கடன் ஒப்பந்தத்தில் இடப்பட்ட கையொப்பம்.

பயிற்சியை நிறுத்திவிட்டாலும் தவணை நிற்காது. பாடம் நடத்துபவர் ஒருவர், கடன் கொடுத்தவர் இன்னொருவர். முன்னவர் செய்த குறைக்காகப் பின்னவர் தம் பணத்தை விட்டுவிட மாட்டார். இத்தகைய கடன்களை அபராதமின்றித் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ள ஒரு குறுகிய கால அவகாசம் தரப்படவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எத்தனை நாள் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அம்மையார் தாளை என்னிடம் காட்டியபோது அந்த நாள்கள் கடந்துவிட்டிருந்தன. கடன் விஷயத்தில் எழுதவேண்டிய முறையீட்டுக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். எழுந்து போகும்போது அவர் கேட்ட கேள்வி வேறு: "அப்படியானால் பையன் எங்கேதான் பார்த்துப் படிப்பது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது. என் பேத்தியும் ஏழாம் வகுப்புதான். அவளுக்கும் அதே மின்சாரப் பாடம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இருவரும் அமர்ந்து, சில தளங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்துப் பார்த்தோம். வங்கியில் புதுக் கணக்குத் தொடங்க வருபவரை எப்படி விசாரிப்போமோ, ஏறக்குறைய அப்படித்தான்.

முதலில் தேடல் பக்கம். முடிவுகளின் தலைப்பகுதியில் சிலவற்றின் மேல் Sponsored என்ற சிறு எழுத்து இருக்கும். அவை பணம் கொடுத்து அந்த இடத்தில் வைக்கப்பட்ட விளம்பரங்கள். முதலில் நிற்பதால் முதல்தரமானது என்று குழந்தை நினைத்துவிடுகிறது. பெரியவர்களும் அப்படியே நினைக்கிறோம். பேத்தியிடம் அந்தச் சொல்லைக் காட்டி, அதற்குக் கீழேயிருந்து தொடங்கச் சொன்னேன்.

அடுத்தது முகவரி. இதை நிதானமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏமாற்றுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விளையாடுகிறார்கள். தள முகவரியில் https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோடு வரை உள்ள பகுதியே தளத்தின் பெயர். அந்தப் பெயரை இடமிருந்து வலமாகப் படிக்கக்கூடாது. வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாகப் படிக்கவேண்டும். அஞ்சல் உறையில் நாடு, மாநிலம், ஊர், தெரு என்று கடைசி வரியிலிருந்து மேலே படித்து வருவதைப்போல. கீழேயுள்ள இரண்டையும் பாருங்கள்.

```
https://ncert.nic.in/textbook.php
https://ncert.nic.in.example.com/textbook.php
```

முதலாவதில் சாய்கோட்டுக்கு முன் வலக்கோடியில் இருப்பது nic.in. தேசியப் பாடநூல்களை வெளியிடும் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனத்தின் இடம் அதுதான். இரண்டாவதில் வலக்கோடியில் இருப்பது example.com. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் அந்தத் தளத்துக்காரர் தம் விருப்பப்படி எழுதிக்கொண்ட அலங்காரம். வாசலில் "கலெக்டர் அலுவலகம்" என்று எவர் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் அல்லவா? அதைப் போன்றதே இது.

gov.in என்று முடியும் பெயர் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படும். ac.in கல்வி நிறுவனங்களுக்கு உரியது; edu பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு. ஆனால் com, in, org ஆகிய மூன்றும் கட்டணம் செலுத்தும் எவருக்கும் கிடைக்கும். org என்றிருந்தால் தரும ஸ்தாபனம் என்று நம் படித்த நண்பர்களே நம்புகிறார்கள். அதற்கு ஆதாரம் ஏதுமில்லை. முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படமும் அவ்வாறே. நம் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போவதை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அரக்கு முத்திரையிட்ட உறை என்பதனால், அதை அனுப்பியவர் யோக்கியர் என்று ஆகிவிடாது.

com, org தளங்களின் வயதை அறிய ஒரு வழி இருக்கிறது. lookup.icann.org என்ற பக்கத்தில் தளத்தின் பெயரை எழுதினால், அது எந்த நாளில் பதிவு செய்யப்பட்டது என்பது தெரியும். "இருபதாண்டுக் கல்விப் பணி" என்று முகப்பில் எழுதிக்கொண்டிருந்த ஒரு தளம் பதிவாகி ஏழு மாதங்களே ஆகியிருந்தன. பேத்தி சிரித்துவிட்டாள். புதிய தளம் என்பதே குற்றமாகாது. பொய் சொல்லும் தளம் என்பதுதான் குற்றம்.

அடுத்து, வாசலில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தோம். நான் வைத்துக்கொண்ட விதி எளியது. பாடத்தைப் படித்துப் பார்ப்பதற்கு முன்பே பெயரோ எண்ணோ கேட்கும் தளத்தை அந்த இடத்திலேயே மூடிவிடவேண்டும். பாடம் படிக்கக் கைப்பேசி எண் தேவையில்லை. விற்பவருக்குத்தான் அது தேவை. "ஏழு நாள் இலவசம்" என்று சொல்லி அட்டை எண்ணோ யுபிஐ அனுமதியோ கேட்பது இன்னொரு வகை. எட்டாம் நாள் பணம் தானாகப் போகும். தானியங்கிப் பிடித்தத்திற்கு 24 மணி நேரம் முன்பாகவே அறிவிப்பு அனுப்பவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அறிவிப்பும் வரத்தான் செய்கிறது. ஆனால் நூறு குறுஞ்செய்திகளுக்கு நடுவே அதை யார் படிக்கிறார்கள்? முதல் தடவைக்குப் பின் 15,000 ரூபாய் வரையிலான இத்தகைய பிடித்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு மீண்டும் கடவுச்சொல் கேட்கவும் மாட்டார்கள். உங்கள் யுபிஐ செயலியில் Autopay அல்லது Mandate என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் மறந்துபோன அனுமதிகள் அங்கே வரிசையாக நிற்கும். அங்கிருந்தே அவற்றை ரத்துசெய்யவும் முடியும்.

இனி விளம்பரங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இறக்கிக்கொள்ளலாம் என்று அழைக்கும் தனியார் தளங்கள் ஏராளம். ஒன்றைத் திறந்தோம். ஒரே பக்கத்தில் Download என்று மூன்று பொத்தான்கள். அவற்றுள் பெரியதும் பச்சை நிறமானதுமான இரண்டும் விளம்பரங்கள். உண்மையானது அடியில் சிறிய நீல எழுத்தில் இருந்தது. கணினியானால் சுட்டியைப் பொத்தானின்மேல் வைத்து அழுத்தாமல் இருந்தால், திரையின் இடக்கீழ் மூலையில் அது போகும் முகவரி தெரியும். கைப்பேசியானால் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும். ஒன்று சீட்டாட்டத் தளத்துக்குப் போயிற்று. உள்ளே நுழைந்தவுடன் "அறிவிப்புகள் அனுப்ப அனுமதியுங்கள்" என்று கேட்டதற்கு Block என்பதையே அழுத்தினோம். அனுமதித்திருந்தால் தளத்தை மூடிய பின்னும் நள்ளிரவில்கூட விளம்பரம் வந்து விழும்.

இங்கே நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லவேண்டும். என் கணினியில் சோதித்துவிட்டு, மற்றொரு தளத்தைத் "தூய்மையானது" என்று முதலில் சான்றளித்துவிட்டேன். அதே பக்கம் பேத்தி பயன்படுத்தும் கைப்பேசியில் கடன் செயலி விளம்பரத்தைக் காட்டியது. என் கணினியில் மருமகன் விளம்பரத் தடுப்பானை நிறுவியிருந்ததை மறந்துபோயிருந்தேன். அதுவுமன்றி விளம்பரங்கள் ஆளுக்கொன்றாக, வேளைக்கொன்றாக மாறுகின்றன. ஆகவே குழந்தை பயன்படுத்தும் கருவியிலேயே, வெவ்வேறு நாள்களில் இரண்டு மூன்று முறை பார்த்த பின்பே முடிவுக்கு வருவது நல்லது.

இவ்வளவு அல்லலும் பாடநூலுக்காகப் படவேண்டியதில்லை. மாநிலப் பாடநூல்கள் textbookcorp.tn.gov.in என்ற பாடநூல் கழகத் தளத்திலும், தேசியப் பாடநூல்கள் ncert.nic.in தளத்திலும் முழுமையாக, கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அச்சிட்ட பாடநூலின் ஓரத்தில் சதுரக் குறியீடு இருந்தால், மத்திய அரசின் திக்‌ஷா செயலியால் அதை வருடிப் பார்த்து அந்தப் பாடத்திற்குரிய காணொளியைக் காணலாம். அந்தக் காணொளிகள் பலரும் செய்தளித்தவை ஆகையால் தரம் ஏற்றத்தாழ்வாக இருக்கிறது. சில மிக நன்று, சில வெறுமே பாடத்தை உரக்கப் படிப்பவை.

வாசலைத் தாண்டிவிட்டோம். உள்ளே சொல்லிக்கொடுப்பது சரியா? பெற்றோர் பெரும்பாலும் இந்த இடத்தில் "எனக்கு அறிவியல் தெரியாதே" என்று பின்வாங்கிவிடுகிறார்கள். முழுப் பாடமும் தெரிய வேண்டியதில்லை. மாணவர்கள் வழக்கமாகத் தவறு செய்யும் ஒரே ஓர் இடத்தைத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் தளம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் போதும். எந்த இடம் என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மின்சாரப் பாடத்தில் அந்த இடம், தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள்.

மின்கலத்திலிருந்து புறப்படும் மின்னோட்டத்தில் ஒரு பகுதியை முதல் பல்பு "உண்டுவிடும்", மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகும் என்று பிள்ளைகள் நினைப்பது இயல்பு. அது தவறு. தொடர் இணைப்பில் எந்த இடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றே. பல்பு எடுத்துக்கொள்வது ஆற்றலை, மின்னோட்டத்தை அன்று. ஒரே வகையான இரண்டு பல்புகளும் சமமாக ஒளிரும். தனியாக ஒன்று எரிவதைவிட இரண்டும் மங்கலாக இருக்கும்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நாங்கள் பார்த்த தளங்களுள் ஒன்று, அழகிய வண்ணப் படத்துடன், "முதல் பல்பைக் கடந்த பின் மின்னோட்டம் குறைவதால் இரண்டாம் பல்பு மங்கலாக எரியும்" என்று எழுதியிருந்தது. விளம்பரம் இல்லை, எண் கேட்கவில்லை, வாசலில் எல்லாச் சோதனையிலும் தேறிய தளம்! பாதுகாப்பானது வேறு, சரியானது வேறு என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

எது சரி என்று எவரை நம்புவது என்ற கேள்வியைப் பேத்தியே எழுப்பினாள். அதற்காக ஃபெட் என்ற தளத்துக்குப் போனோம். முகவரி phet.colorado.edu. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ஆம் ஆண்டு, இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் தொடங்கியது. மாணவர் பெயரோ எண்ணோ கேட்பதில்லை, விளம்பரம் இல்லை, சில பயிற்சிகளுக்குத் தமிழாக்கமும் உண்டு. அங்கே Circuit Construction Kit: DC என்ற பயிற்சியில் மின்கலம், கம்பி, பல்பு ஆகியவற்றைத் திரையிலேயே இழுத்து வைத்து இணைக்கலாம்.

மின்கலம் 9 வோல்ட். பல்பின் மின்தடை 10 ஓம். ஒரு பல்பை இணைத்ததும் அம்மீட்டர் 0.90 ஆம்பியர் காட்டியது. ஒன்பதைப் பத்தால் வகுத்தால் வருவதும் அதுவே. தொடராக இரண்டாம் பல்பையும் சேர்த்ததும் மொத்த மின்தடை 20 ஓம் ஆகி, அளவு 0.45 ஆம்பியராக இறங்கியது. "இப்போது இரண்டு பல்புகளுக்கும் நடுவில் அளந்து பார்" என்றேன். 0.45. இரண்டாவதைக் கடந்த பின்? அதே 0.45. பேத்தி அம்மீட்டரைச் சுற்று முழுவதும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "தாத்தா, அந்த வண்ணப் படம் போட்டவர்கள் இதைச் செய்தே பார்க்கவில்லை" என்றாள்.

ஃபெட் தளத்திற்கும் குறையுண்டு. அது பொருள்களைக் கையில் கொடுக்குமே தவிர, வரிசையாகப் பாடம் நடத்தாது. என்ன செய்துபார்க்கவேண்டும் என்று பாடநூலிலிருந்து ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தால்தான் குழந்தைக்குப் பயன். இல்லாவிட்டால் மின்கலத்தைத் தீப்பிடிக்கவைத்து விளையாடிவிட்டு எழுந்துவிடும். வரிசையான விளக்கமும் பயிற்சிக் கணக்குகளும் வேண்டுமானால் கான் அகாடமி, khanacademy.org. சல்மான் கான் என்பவர் தம் உறவினர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரத் தொடங்கியதிலிருந்து வளர்ந்து, நன்கொடைகளால் நடக்கும் இலாபநோக்கற்ற அமைப்பு. அதன் காணொளிகளைக் கணக்குத் தொடங்காமலே பார்க்கலாம். கணக்குத் தொடங்கினால் முன்னேற்றத்தைக் குறித்துவைக்கும். நம் பிள்ளைகளுக்கு அங்கே இடராவது ஆங்கிலமும் அமெரிக்க உச்சரிப்பும்தான். முதல் சில நாள்கள் பெரியவர் ஒருவர் உடனமர்ந்தால் அந்த இடர் குறையும்.

பாடம் பழையதா புதியதா என்பதையும் பார்க்கவேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இப்போது முக்கியம். என்.சி.இ.ஆர்.டி. ஆறாம் வகுப்புக்கு 2024-லும் ஏழாம் வகுப்புக்கு 2025-லும் புதிய நூல்களை வெளியிட்டது. ஏழாம் வகுப்புக் கணிதத்தின் பழைய நூலில் முதற்பாடம் முழுக்கள். 'கணித பிரகாஷ்' என்ற புதிய நூலில் முதற்பாடம் பெரிய எண்களைப் பற்றியது. ஒரு தளத்தில் "ஏழாம் வகுப்பு, முதற்பாடம்" என்பதைத் திறந்து, முழுக்கள் வந்தால் அவர்கள் இன்னும் பழைய வீட்டிலேயே குடியிருக்கிறார்கள் என்று அறியலாம்.

கடைசியாகப் பார்த்தது தனியுரிமைக் கொள்கை. தளத்தின் அடிக்கோடியில் Privacy Policy என்றிருக்கும். பத்துப் பன்னிரண்டு பக்கங்களையும் படிக்க எனக்குப் பொறுமை உண்டு, முப்பது ஆண்டுகள் கடன் பத்திரங்களைப் படித்தவன். மற்றவர்களுக்கு அது வேண்டியதில்லை. பக்கத்தில் தேடும் வசதியைத் திறந்து children, share, advertis, delete என்ற நான்கு சொற்களைத் தேடி, அவை வரும் வாக்கியங்களை மட்டும் படித்தால் போதும். குழந்தைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், குழந்தைகளுக்கான தளம் என்று அவர்கள் சொல்லிக்கொள்வது வெறும் பேச்சு. "கூட்டாளி நிறுவனங்களுடன் பகிர்வோம்" என்று இருந்தால், கொடுக்கும் எண் எங்கெங்கோ போகும். கொடுத்த விவரத்தை அழிக்கச் சொல்ல வழி இருக்கிறதா என்பதை delete என்ற சொல் காட்டிக்கொடுக்கும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் அனைவரும் குழந்தையே. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. "13 வயதுக்கு மேற்பட்டவர் தாமே ஒப்புதல் தரலாம்" என்று எழுதியுள்ள கொள்கை வேறு நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அன்று நண்பகலுக்குள் எங்கள் பட்டியலில் எஞ்சியவை ஐந்தே தளங்கள். அவற்றின் முகவரிகளைப் பேத்தியின் கைப்பேசி உலாவியில் புத்தகக்குறிகளாகச் சேர்த்தோம். ஐயம் வந்தால் தேடல் பக்கத்துக்குப் போகாமல், அந்தக் குறிகளின் வழியாகவே உள்ளே போகவேண்டும் என்பது எங்கள் உடன்பாடு. தட்டச்சில் ஓர் எழுத்துப் பிழைத்து வேறு தளத்துக்குப் போகும் ஆபத்தும் இதனால் இல்லை.

அந்த அம்மையாருக்கும் அதே ஐந்தையும் அவருடைய கைப்பேசியில் சேர்த்துக் கொடுத்தேன். பள்ளிப் பருவம் தொடங்கும்போதெல்லாம் அவற்றை மறுபடி ஒருமுறை திறந்து பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். தளத்தின் பெயரைக் குத்தகைபோல் ஆண்டுக்கணக்கில்தான் எடுக்கிறார்கள். புதுப்பிக்க மறந்தால் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிச் சூதாட்டக் கடை வைப்பதும் நடக்கிறது. கவனிப்பாரற்ற பழைய அரசுப் பக்கங்களிலேயே அத்தகைய விளம்பரங்களை நுழைத்த செய்திகள் வந்திருக்கின்றன. அவருடைய முறையீட்டுக்கு நிதி நிறுவனத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. பதிலளிக்க அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அது கடந்துவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி மனுச் செய்யலாம். அந்த முகவரியையும் வலமிருந்து இடமாகப் படித்துக் காட்டித்தான் அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.